பூசக் காவடி கடல் தாண்டிய கதையைப் பாடமாக்குங்கள்: வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளிப் பாடக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாடக்குழுவினருக்கு,

காரைக்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பதினான்கு முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காக நீங்கள் தயாரித்திருக்கும் கலந்துரையாடல் பாடத்தின் வரைவை, உங்கள் பள்ளி ஒன்றில் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் என் தங்கை மகள் அனுப்பி, ‘மாமா, படிச்சுட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க’ என்று கேட்டிருந்தாள். அவளுக்கு மட்டும் சொல்வதை விட உங்கள் எல்லோருக்கும் எழுதலாம் என்று தோன்றியது. புதிய நாட்டில் கோயில் வழக்கங்கள் எப்படி மாறுகின்றன என்பதை வளர்ந்த பிள்ளைகளோடு பேசவேண்டும் என்று நினைத்தீர்களே, அது நல்ல எண்ணம். ஆனால் பாடம் கட்டப்பட்டிருக்கும் விதத்தில் எனக்குச் சம்மதமில்லை.

ஒரு பக்கத்தில் ‘ஊரில்’, எதிர்ப் பக்கத்தில் ‘இங்கே’ என்று இரண்டு பத்திகள். ஊரில் கோயில் குளம், இங்கே தண்ணீர்த் தொட்டி. ஊரில் வெறுங்கால் மண், இங்கே சூடேற்றிய தரை. ஊரில் குறித்த நாளில் திருவிழா, இங்கே வார இறுதியில். இதையெல்லாம் நிரப்பச் சொல்லிவிட்டுக் கடைசியில் ‘நாம் எதை இழந்தோம்?’ என்று கேட்கிறீர்கள். இப்படிக் கேட்டால் பிள்ளைகளிடமிருந்து இரண்டே பதில்தான் வரும். ஊரில் இருப்பதுதான் அசல், எங்களுடையது நகல் என்று ஒரு கூட்டம் சொல்லும், இதெல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம், எப்படி மாறினால் என்ன என்று இன்னொரு கூட்டம் சொல்லும். அரை மணி நேரத்தில் பேச்சு ஓய்ந்துவிடும். யார் முடிவெடுத்தது, ஏன் எடுத்தார்கள், எதை மாற்றலாம் எதை மாற்ற முடியாது என்பதை எப்படிப் பிரித்தார்கள் என்ற கேள்விகள் எழவே எழாது.

ஆகவே இரண்டு பத்திகளையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு கதையை முழுதாகக் கொடுங்கள். எங்கள் பக்கத்திலேயே அதற்குத் தோதான கதை இருக்கிறது.

தை மாதம் வந்தால் செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடியில் கூடிக் காவடி எடுத்துப் பழநிக்கு நடப்பார்கள். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகும் வழி. ரத்தின வேல் கூடவே வரும். பூசம் முடிந்ததும் பேருந்தில் ஏறி வந்துவிடுவதில்லை, காவடியோடு நடந்தேதான் திரும்புவார்கள். காவடி எளிமையானது, ஒரு மரத்தண்டு, மேலே வளைவு, துணி, மயில்தோகை, அவ்வளவுதான். அலகு குத்துவது இவர்கள் வழக்கமல்ல. இந்தக் கடைசி விவரத்தைப் பிள்ளைகள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் தேவைப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே ஆட்கள் வட்டித் தொழிலுக்காக பர்மா, இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், மேடான் என்று போனார்கள். மூன்று வருடக் கணக்கில் போய்த் திரும்பும் ஆண்கள், குடும்பம் இங்கேயே இருக்கும். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பலர் அவரவர் பெட்டகத்தோடு உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டு, இரவில் அங்கேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். இவர்கள் 1859-இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். தொழிலில் ஒரு பங்கைத் தர்மத்துக்கென்று ஒதுக்கும் மகமையிலிருந்து வந்தது. ரங்கூனில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாதம் ஒரு நாள் மாலை செட்டியார்கள் கோயிலில் கூடி, தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு அந்த மாத நடப்பு வட்டி என்ன என்று முடிவு செய்வார்கள். சாமி சன்னிதியில் உட்கார்ந்து வட்டி விகிதமா என்று உங்கள் மாணவர்கள் ஆச்சரியப்பட்டால் பாடம் சரியாகப் போகிறது என்று அர்த்தம். ஊர்க் கோயிலில் இல்லாத ஒரு வேலையை வெளிநாட்டுக் கோயில் ஏற்றுக்கொண்டது. அதை இழப்புக் கணக்கில் எழுதுவதா, வேறெந்தக் கணக்கில் எழுதுவது? இன்று உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கிறது, பரத வகுப்பு நடக்கிறது, வருமான வரிப் படிவம் நிரப்ப உதவுகிறார்கள் என்றால் அதையும் இதோடு சேர்த்துப் பேசலாம்.

சரி, பூசத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் பழநி இல்லை, குன்றக்குடியும் இல்லை, நாள்கணக்கில் நடக்க நாடும் இல்லை. என்ன செய்தார்கள்? நடையின் நீளத்தை விட்டுக்கொடுத்தார்கள், நடப்பதை விட்டுக்கொடுக்கவில்லை. பூசத்துக்கு முந்தின நாள் முருகன் வெள்ளி ரதத்தில் டேங்க் ரோட்டிலிருந்து புறப்பட்டு, கியோங் சைக் ரோட்டில் இருக்கும் லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய், பகலெல்லாம் அண்ணனோடு இருந்துவிட்டு, மாலையில் திரும்புகிறார். நகரத்தார் காவடிகள் அந்த ரதத்தோடு வரும். அந்த நாளுக்கே அங்கே செட்டிப் பூசம் என்று பெயர். மறுநாள் பூசத்தன்று சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பால்குடமும் காவடியும் புறப்பட்டு டேங்க் ரோட்டுக்கு வந்து சேரும். பெருமாள் கோயிலில் கிளம்பி முருகன் கோயிலில் முடிகிற பூச நடையை நான் இங்கே எங்கும் பார்த்ததில்லை.

இங்கேதான் அந்த அலகு விவரம் வேலைக்கு வரும். உங்கள் பிள்ளைகள் தைப்பூசம் என்றதும் மனதில் பார்க்கும் படம், உடலெங்கும் கம்பி பாய்ச்சித் தோளுக்கு மேல் பெரிய கூடுபோல நிற்கும் காவடி. கோயிலைக் கட்டிய நகரத்தாரின் காவடி அதுவல்ல. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் சாலை வேலைக்கும் வந்த மற்றத் தமிழர்களின் நேர்த்திக்கடனும் அதே கோயிலின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் தனித்தனிச் சாலையில் நடந்த இரண்டு வழக்கங்கள் ஒரு தீவில் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொண்டு, நாளைப் பிரித்துக்கொண்டன, முந்தின நாள் ஒருவருக்கு, மறுநாள் எல்லோருக்கும். டேங்க் ரோட்டுக் கோயிலை நடத்துவது செட்டியார் கோயில் குழுமம், பெருமாள் கோயிலை நடத்துவது அரசுச் சட்டப்படி அமைந்த இந்து அறக்கட்டளை வாரியம். ஆக ஒரு திருவிழாவுக்கு இரண்டு நிர்வாகம், அதற்கு மேல் சாலைக்கு அனுமதி தர வேண்டிய காவல்துறை. ‘வழக்கம் மாறியது’ என்று பாடத்தில் எழுதியிருக்கிறீர்களே, தானாக எதுவும் மாறுவதில்லை, இப்படி மூன்று மேசைகளில் உட்கார்ந்து பேசித்தான் மாறுகிறது. அந்த மேசைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மேசைக்கு எதிர்ப்புறம் இருந்தவர்கள் எடுத்த முடிவுகளும் உண்டு. 1968-இல் சிங்கப்பூர் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூச விடுமுறை போனது. பினாங்கில் இன்றும் அன்று விடுமுறை. விடுமுறை இல்லாத ஊரில் வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? நள்ளிரவை ஒட்டிப் பால்குடத்தை எடுத்து, விடிவதற்குள் செலுத்திவிட்டு, குளித்து, அலுவலகம் போவார். 1973-இல் ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கத் தடை வந்தது. குழுக்களுக்குள் சண்டை, ஒழுங்கு என்று காரணம் சொன்னார்கள். காவடி எடுக்கிறவருக்கு மேளம் அலங்காரமல்ல, அவர் கால் அதில்தான் நிற்கிறது. உறுமி இல்லாமல் கைதட்டியும் வாயால் பாடியும் கூட்டிக்கொண்டு போனார்கள். 2016-இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இந்த 43 வருடத்தை வகுப்பில் நிதானமாகப் பேச வையுங்கள். தடை போட்டவர் பக்கம் ஒரு குழு, காவடி எடுப்பவர் பக்கம் ஒரு குழு, நடுவில் கோயில் நிர்வாகமாக ஒரு குழு. நிர்வாகமாக உட்காரும் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம். தடையை மீறினால் அடுத்த வருடம் சாலையே கிடைக்காமல் போகலாம், அடங்கிப் போனால் பக்தர்கள் இவர்களைத் திட்டுவார்கள்.

இனி உங்கள் பாடத்தின் ஐந்தாம் பக்கம். ‘திருவிழாவைச் சனி ஞாயிறுக்கு மாற்றுவது சரியா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நாள் எப்படிக் குறிக்கப்படுகிறது என்றே தெரியாத பிள்ளையிடம் அதை மாற்றலாமா என்று கேட்டு என்ன பயன்? முதலில் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். எட்டாம் வகுப்புக் கணிதம் தெரிந்தால் போதும்.

நட்சத்திரம் என்பது சந்திரன் வானத்தில் இருக்கும் இடம். வான வட்டத்தை 27 பங்காக்கினால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை. அதில் பூசப் பங்குக்குள் சந்திரன் நுழையும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான், கடிகாரம்தான் ஊருக்கு ஊர் வேறு. ஓர் உதாரணம் போடுகிறேன். காரைக்குடியில் செவ்வாய் காலை 8.00-க்குப் பூசம் தொடங்கி புதன் காலை 8.40-க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால், அங்கே செவ்வாய் 10.30 முதல் புதன் 11.10 வரை. டொராண்டோ தை மாதத்தில் பத்தரை மணி நேரம் பின்னால், அங்கே திங்கள் இரவு 9.30-க்குத் தொடங்கிச் செவ்வாய் இரவு 10.10-க்கே முடிந்துவிடுகிறது. சூரியன் உதிக்கும்போது எந்த நட்சத்திரம் இருக்கிறதோ அதுதான் அந்த நாளின் நட்சத்திரம் என்ற விதியை இப்போது வைத்துப் பாருங்கள். காரைக்குடிக்கும் சிங்கப்பூருக்கும் புதன்கிழமை பூசம், டொராண்டோவுக்குச் செவ்வாய். ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் புதனன்று அங்கே காவடி எடுத்தால், அந்த ஊர் வானத்தில் பூசம் முதல் நாள் இரவே போய்விட்டிருக்கும்! (திருவிழா நாள் குறிக்கையில் பௌர்ணமி, நட்சத்திரம் இருக்கும் நேரத்தின் அளவு போன்ற வேறு கணக்குகளும் சேரும், பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் இது போதும்.)

இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிடும். ஊரிலிருந்து வேறொரு நாளில் கொண்டாடுவதே சில சமயம் விதிப்படி நடப்பது. விதியை விட்டு விலகுவதும் உண்டு, செவ்வாய்க்கிழமை வரவேண்டியதைச் சனிக்கிழமைக்குத் தள்ளுவது அந்த வகை. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ‘நாள் மாறியது’ என்று ஒரேமாதிரிதான் தெரியும். பல கோயில்கள் செவ்வாயன்று அபிஷேகத்தைச் சிறிய அளவில் முறைப்படி செய்துவிட்டு, ஊர்வலத்தையும் அன்னதானத்தையும் மட்டும் சனிக்கிழமை வைத்துக்கொள்கின்றன. இந்த மூன்றாம் வழியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

ராகுகாலத்தில் இன்னொரு தவறு நடக்கிறது, உங்கள் வரைவில் இணைத்திருக்கும் மாதிரி நாள்காட்டியிலேயே இருக்கிறது. ராகுகாலத்தைச் சென்னை நேரத்திலிருந்து கழித்தும் எடுக்கக்கூடாது, திங்கள் ஏழரை முதல் ஒன்பது என்று ஊர் மனப்பாடத்தை அப்படியே எழுதவும் கூடாது. அது அந்தந்த ஊரின் பகலை எட்டாகப் பிரித்து வருவது. டொராண்டோவில் ஜனவரிக் கடைசியில் சூரியன் 7.40-க்கு உதித்து மாலை 5.20-க்கு மறைகிறது என்றால் பகல் 580 நிமிடம், ஒரு பங்கு ஏறக்குறைய 72 நிமிடம். திங்களன்று இரண்டாம் பங்கு, ஆகவே 8.52 முதல் சுமார் 10.05 வரை. உங்கள் நாள்காட்டியிலோ வருடம் முழுவதும் திங்கள் 7.30 முதல் 9.00 என்றே போட்டிருக்கிறது. ஜனவரியில் பார்த்தால் ராகுகாலம் சூரியன் உதிப்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு நாள்காட்டி ஊரிலிருந்து நகலெடுத்ததா, அந்த ஊருக்கே கணித்ததா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது, வருடம் முழுவதும் ஒரே நேரம் என்றால் நகல். பிள்ளைகளிடம் தங்கள் கோயில் நாள்காட்டியைக் கொண்டுவரச் சொல்லி இதைச் சோதிக்கச் சொல்லுங்கள். ராகுகாலத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விவாதம். நம்பாத பிள்ளையும் இந்தக் கணக்கைப் போடலாம், போட்டுவிட்டு நம்பாமல் இருக்கலாம்.

குளிர்நாட்டுக் கோயில்களுக்கு வேறு கதை ஒன்றும் வேண்டும், ஏனென்றால் எல்லோரும் வட்டித் தொழிலுக்குப் போனவர்களின் வாரிசுகள் அல்ல. ஜெர்மனியில் ஹாம் நகரத்தில் ஈழத்திலிருந்து போன தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்பேட்டைப் பகுதியில் கோபுரத்தோடு நிற்கிறது. தேர்த் திருவிழாவைக் கோடையில் வைக்கிறார்கள், தீர்த்தவாரிக்கு அருகிலிருக்கும் கப்பல் கால்வாய்க்குப் போகிறார்கள். தீர்த்தத்துக்கு இறங்கத் தண்ணீர் வேண்டும் என்பது மாறவில்லை, எந்தத் தண்ணீர் என்பது மாறிக்கொண்டது. இதற்கு ஒரு பக்கம் போதும், பெரிதாக்க வேண்டாம்.

நான் மிகவும் வற்புறுத்துவது, ‘ஊர்’ என்பதை அசையாத அளவுகோலாக வைக்காதீர்கள் என்பதைத்தான். செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன், இங்கேயும் எல்லாம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பாதயாத்திரைக்காரர்கள் இன்று இருட்டில் ஒளிரும் பட்டையை முதுகில் ஒட்டிக்கொண்டு நடக்கிறார்கள், ஏனென்றால் சாலையில் லாரி ஓடுகிறது. சாமான் வண்டியில் வருகிறது. கோயிலுக்குப் புள்ளி வரி கட்டும் நகரத்தார் குடும்பங்களில் பலர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள், கல்யாணத்துக்கு ஒன்பது நகரக் கோயில்களில் தங்கள் கோயில் எதுவோ, இளையாத்தங்குடியோ மாத்தூரோ பிள்ளையார்பட்டியோ, அங்கிருந்து மாலை வரவேண்டும் என்பதற்காக விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். இவற்றை விடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்களில் எல்லோரும் உள்ளே போகலாம் என்பது பழைய வழக்கமல்ல. 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது, 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே வந்தது. போராடி மாற்றினார்கள். டேங்க் ரோடு கோயில் 1859-இல் எழுந்தபோது இங்கே பல கோயில்களில் பலருக்குக் கதவு திறக்கவில்லை என்பதை உங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்பில் யாராவது, ‘அப்போது அந்தக் கோயிலைச் செட்டியார்கள் மட்டுமே நடத்தியது நியாயமா?’ என்று கேட்பார்கள். கேட்கட்டும். சாதியைப் பற்றிப் பேச்சு வந்துவிடும் என்று பயந்து உங்கள் வரைவு அந்த இடத்தை நைசாகத் தாண்டியிருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது, ஆசிரியர் வாயை மூடிக்கொண்டால் அரைகுறையாகத் தெரிந்துகொள்வான்.

ஆசிரியர் கையேட்டுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பாடம் எங்கே கெட்டுப்போகும் என்றால், பிள்ளைகள் தங்கள் சொந்தக் கோயிலைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது. ‘எங்க அப்பாதான் தலைவர்’ என்று ஒரு பிள்ளை இருக்கும், போன தேர்தலில் தோற்றவரின் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கும். அதனால்தான் முதல் இரண்டு வகுப்பிலும் டேங்க் ரோட்டை மட்டும் பேசுங்கள் என்கிறேன், அது யாருடைய அப்பாவையும் தொடாது. மூன்றாம் வகுப்பில்தான் தங்கள் கோயிலுக்கு அனுப்பவேண்டும், அதுவும் கருத்துக் கேட்க அல்ல, தகவல் கேட்க. போன வருடத் திருவிழாவுக்கு எந்த நாளைக் குறித்தார்கள், எந்தப் பஞ்சாங்கம், யார் கையெழுத்திட்டு நகராட்சி அனுமதி வாங்கினார்கள், தீயணைப்புத்துறை ஹோமத்துக்கு என்ன நிபந்தனை போட்டது, அர்ச்சகர் எந்த ஊர், அவருடைய விசா எத்தனை நாளுக்கு. இதைப் பொருளாளரிடமும் குருக்களிடமும் தனித்தனியாகக் கேட்கட்டும். இரண்டு பதிலும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நல்ல விவாதம் கிடைக்கும்.

அப்புறம், ‘நாம் எதை இழந்தோம்?’ என்ற அந்தக் கடைசிக் கேள்வியை எடுத்துவிட்டு, ‘உங்கள் கோயிலில் அடுத்த வருடம் ஒன்றை மாற்றவேண்டும் என்றால் எதை, யாரிடம் கேட்டு, எதை விட்டுக்கொடுத்து மாற்றுவீர்கள்?’ என்று போடுங்கள்.

மாதிரி நாள்காட்டியை நீங்கள் திருத்துவதாக இருந்தால், எந்த நகரத்துக்கு என்று என் தங்கை மகளிடம் சொல்லி அனுப்புங்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் உதய அஸ்தமன நேரத்தை வைத்து ராகுகாலத்தையும், முக்கியமான நட்சத்திர நாள்களையும் கணித்து, பிள்ளைகள் போட்டுப் பார்க்க வழிமுறையோடு எழுதித் தருகிறேன். குன்றக்குடியில் காவடி கட்டும் பெரியவர்கள் இரண்டு பேர், காணொளியில் உங்கள் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தை பிறந்துவிட்டால் அவர்கள் சாலையில் இருப்பார்கள், ஆகவே மார்கழிக்குள் நாள் குறியுங்கள்.

அன்புடன்,
செட்டிநாட்டிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்